வட்டி பூச்சியத்தைத் தொட்ட காலமும் பழைய சிப்பாய்களின் போனஸ் காசும்

2022க்குப் பிறகு நம் ஊர்த் தேநீர்க் கடைகளில்கூட மத்திய வங்கியின் வட்டி வீதம் பேச்சுப் பொருளாகிவிட்டது. கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். கூட்டினால் கடன் எடுப்பவர்கள் குறைவார்கள், செலவு குறையும், விலை அடங்கும். குறைத்தால் கடன் எடுப்பார்கள், வியாபாரம் அசையும். ஆனால் நாம் அதிகம் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. வட்டியைக் குறைத்துக் குறைத்துப் பூச்சியத்துக்கே வந்த பிறகும் வியாபாரம் அசையாவிட்டால்? அதற்குக் கீழே போக இடமில்லை. அப்போது ஒரு நாடு என்ன செய்யும்?

நம் நாடு அந்த இடத்துக்கு ஒருநாளும் போனதில்லை. போன நாடுகளில் 1930களின் அமெரிக்காவைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

1929இல் நியூயோர்க் பங்குச் சந்தை விழுந்ததைப் பாடசாலை வரலாற்றில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பெரும்பாலும் பாடம் அந்த இடத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வந்த நான்கு வருடங்கள்தான் உண்மையான இருட்டு. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. 1933இல் வேலை செய்யக்கூடியவர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. பொருட்களின் விலை நான்கு வருடங்களில் ஏறத்தாழ 25 சதவீதம் விழுந்தது. விலை விழுந்தால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் கடன்காரருக்கு அது நஞ்சு. 100 மூடை கோதுமை விற்றுக் கட்டலாம் என்று நினைத்துக் கடன் எடுத்த விவசாயி, விலை விழுந்த பிறகு அதே கடனைக் கட்ட 130 மூடைக்கு மேல் விற்க வேண்டும். கடன் பத்திரத்தில் இருக்கும் தொகை மாறவில்லை, அதன் பாரம் மட்டும் கூடிவிட்டது.

வட்டி என்ன ஆனது? நமக்குத் தெரிந்த திறைசேரி உண்டியல் போலவே அமெரிக்க அரசாங்கமும் மூன்று மாத உண்டியல்களை விற்றது. 1929இன் முடிவில் வந்த அந்த முறையின் ஆரம்பத்தில், 100 டொலரைக் கொடுப்பவருக்கு வருடத்துக்கு மூன்று டொலருக்கு மேல் கிடைத்தது. 1936இல் கிடைத்தது ஏறத்தாழ 14 சதம். டொலர் அல்ல, சதம். அதற்கும் கீழே இறக்க முடியாததற்குக் காரணம் எளிமையானது. காசைப் பெட்டியில் பூட்டி வைத்தால் வட்டி பூச்சியம். பூச்சியத்துக்கும் குறைவாகத் தருகிறோம் என்றால் யார் கடன் கொடுப்பார்? பெட்டியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். அதனால்தான் பூச்சியம் ஒரு தரை. இறங்கி வந்த கால் அதில் முட்டி நிற்கும்.

வங்கிகள் அப்படித்தான் சும்மா இருந்தன. சட்டப்படி வைத்திருக்க வேண்டிய நியதி ஒதுக்குக்கு மேலதிகமாக 1929இல் அவை அநேகமாக ஒன்றும் வைத்திருக்கவில்லை. 1936 ஆரம்பத்தில் அப்படி மேலதிகமாகத் தூங்கிக் கிடந்த தொகை ஏறத்தாழ 3 பில்லியன் டொலர். காசு இல்லாமல் அல்ல, கடன் கேட்டு வரும் நம்பகமான ஆள் இல்லாமல்தான் அது கிடந்தது. அரச உண்டியலின் வட்டி பூச்சியத்தை நெருங்கினாலும், சாதாரணக் கடைக்காரரிடம் வங்கி கேட்ட வட்டி பூச்சியம் அல்ல. கடன் திரும்பி வராமல் போகுமோ என்ற பயத்தின் விலையும் அதில் சேர்ந்திருந்தது. கடைக்காரருக்கும் வேறொரு பயம். பொருள் வாங்க ஆள் வராத கடைக்கு, கடன் எடுத்துப் புதுச் சாமான் ஏற்றுவது எதற்கு?

அப்போது அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசேர்வின் தலைவர் மாரினர் எக்கிள்ஸ். யூட்டா மாநிலத்துக்காரர், பல்கலைக்கழகம் போகாதவர், தகப்பனின் தொழில்களையும் வங்கிகளையும் நடத்திப் படித்த மனிதர். 1935இல் பாராளுமன்றக் குழு ஒன்றின் முன் அவர் சாட்சியம் சொன்னபோது, மந்தத்தில் மத்திய வங்கியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று ஒப்புக்கொண்டார். அப்படியென்றால் கயிற்றால் தள்ள முடியாது என்கிறீர்களா என்று கோல்ட்ஸ்பரோ என்ற உறுப்பினர் கேட்க, அதுவே சரியான உவமை என்றார் எக்கிள்ஸ். கயிறு கட்டி மாட்டை இழுத்து நிறுத்தலாம். படுத்துக் கிடக்கும் மாட்டைக் கயிற்றால் தள்ளி எழுப்ப முடியுமா? இன்றுவரை பொருளியல் பாடத்தில் இந்த உவமை ஓடுகிறது.

இனிச் சிப்பாய்களுக்கு வருவோம். முதலாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படையில் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த சம்பளம் மிகச் சொற்பம். அதே காலத்தில் ஊரில் இருந்து தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் நன்றாக உழைத்தார்கள். இந்த அநியாயத்தைச் சரிக்கட்ட 1924இல் ஒரு சட்டம் வந்தது. உள்நாட்டில் சேவை செய்த நாளுக்கு 1 டொலர், வெளிநாட்டில் என்றால் 1.25 டொலர் என்று கணக்குப் பார்த்து, ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். காசு கையில் வருவது 1945இல். இருபது வருடம் பொறுக்க வேண்டும்.

மந்தம் வந்ததும் பொறுமை போய்விட்டது. 1931இல் சான்றிதழின் பெறுமதியில் பாதி வரை கடனாக எடுக்க அனுமதி கிடைத்தது. மீதியையும் இப்போதே தாருங்கள் என்று கேட்டு 1932இல் ஆயிரக்கணக்கான பழைய சிப்பாய்கள், பலர் குடும்பத்தோடு, வொஷிங்டனுக்கு வந்து குடிசை போட்டுத் தங்கினார்கள். ஜூலை 28ஆம் திகதி ஜனாதிபதி ஹூவரின் அரசாங்கம் ஜெனரல் மக்ஆர்தரின் தலைமையில் இராணுவத்தை அனுப்பி அவர்களை விரட்டியது. குடிசைகள் எரிந்தன. அதே நாட்டுக்காகச் சண்டை போட்டவர்களை அதே நாட்டு இராணுவமே விரட்டிய காட்சி, ஹூவரின் பெயரை மிச்சமில்லாமல் கெடுத்தது.

அடுத்து வந்த ரூஸ்வெல்ட் இவர்களுக்கு நண்பராக இருந்திருப்பார் என்று நினைப்போம். இல்லை. 1933இல் பதவியேற்ற அதே மாதம் செலவுச் சிக்கனச் சட்டம் கொண்டுவந்து சிப்பாய்களின் கொடுப்பனவுகளை வெட்டினார். 1935இல் போனஸ் சட்டத்தைத் தன் அதிகாரத்தால் தடுத்தார். 1936 ஜனவரியில் மீண்டும் தடுத்தார். இம்முறை காங்கிரஸ் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அவரை மீறிச் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய அரச செலவுக்கு இன்று உலகம் உதாரணம் காட்டும் ரூஸ்வெல்ட், தன் காலத்தின் மிகப் பெரிய செலவுகளில் ஒன்றுக்குக் கையெழுத்திட மறுத்தவர் என்பது வரலாற்றில் நமக்குப் பிடித்த முரண்களில் ஒன்று.

1936 ஜூன் 15, தபால்காரர்கள் பதிவுத் தபாலோடு வீடு வீடாகப் போனார்கள். உள்ளே 50 டொலர் பெறுமதியான பிணைமுறிகள். வைத்திருந்தால் வருடத்துக்கு 3 சதவீத வட்டி. வேண்டாம் என்றால் தபாலகத்தில் உறுதிப்படுத்திக் கொடுத்துவிட்டுக் காசோலையாக எடுக்கலாம். பெற்றவர்கள் ஏறத்தாழ 32 இலட்சம் பேர். சராசரியாக ஒருவருக்கு 550 டொலர் அளவில் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஓர் அமெரிக்கரின் சராசரி ஒரு வருட வருமானமே அவ்வளவுதான். மொத்தத்தில் இது நாட்டின் முழு வருட உற்பத்தியில் ஏறத்தாழ 2 சதவீதம்.

இங்கே ஒரு நல்ல சோதனை ஒளிந்திருக்கிறது. 3 சதவீத வட்டி என்பது அன்றைய நிலையில் மிக நல்ல வட்டி. சேமிக்க நினைப்பவர் பிணைமுறியை அப்படியே வைத்திருப்பார். ஆனால் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் மாற்றிவிட்டார்கள். ஜோஷுவா ஹவுஸ்மன் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் அக்காலக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பையும், முன்னாள் படைவீரர் சங்கம் தன் அங்கத்தவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பையும், மாநில வாரியான கார் விற்பனையையும் வைத்து இதை ஆராய்ந்தார். கிடைத்த ஒவ்வொரு டொலரிலும் 60 முதல் 75 சதம் வரை அந்த வருடத்துக்குள்ளேயே செலவானது என்பது அவரது முடிவு. கார், வீடு, தளபாடம், உடுப்பு என்று போனது. பழைய சிப்பாய்கள் அதிகமாக வாழ்ந்த மாநிலங்களில் கார் விற்பனை மற்ற மாநிலங்களை விட அதிகமாகக் கூடியது. காசு எங்கே விழுந்ததோ அங்கேயே வியாபாரம் எழுந்தது என்பதற்கு இதைவிட நேரான அடையாளம் கிடைப்பது கஷ்டம்.

ஒரு சிப்பாயை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். 550 டொலரில் மூன்றில் இரண்டு என்று வைத்தாலும் 365 டொலர் அளவு கடைக்குப் போகிறது. அவர் கார் வாங்கினால், கார் விற்றவருக்கு வருமானம், தொழிற்சாலையில் நிறுத்தப்பட்டிருந்த ஒருவருக்கு மீண்டும் வேலை. அந்தத் தொழிலாளி தன் சம்பளத்தில் இறைச்சி வாங்குகிறார், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குகிறார். இப்படி ஒரே காசு பல கைகளில் வருமானமாக மாறுகிறது. 1936இல் அமெரிக்கப் பொருளாதாரம் ஏறத்தாழ 13 சதவீதம் வளர்ந்தது. முழுவதும் போனஸால் வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரும் பங்கு உண்டு என்பதை மறுப்பதும் கஷ்டம்.

அரசாங்கம் செலவு செய்தால் எந்தக் காலத்திலும் இப்படித்தானே நடக்கும் என்று ஒருவர் கேட்கலாம். இல்லை, பூச்சியம் முக்கியமாவது இந்த இடத்தில்தான். சாதாரண காலத்தில் அரசாங்கம் பெருந்தொகை கடன் எடுத்தால், கடன் சந்தையில் வட்டி ஏறும். வீடு கட்ட நினைத்தவர் பின்வாங்குவார், தொழிற்சாலைக்காரர் இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப்போடுவார். மத்திய வங்கியும் விலை ஏறுமோ என்று பயந்து வட்டியை இன்னும் கூட்டும். அரசாங்கம் ஒரு பக்கம் போட்டதை மறுபக்கத்தில் தனியார் குறைத்துவிடுவார்கள். 1936இல் அப்படி நடக்கவில்லை. வங்கிகளில் 3 பில்லியன் டொலர் தூங்கிக் கொண்டிருந்தது. அரசாங்கம் எடுத்த கடன் யாருடைய கையிலிருந்தும் பறித்ததல்ல. அவ்வளவு கடன் எடுத்த வருடத்திலும் உண்டியல் வட்டி 14 சதத்தைச் சுற்றியே நின்றது. அரச செலவு தனியாரைத் தள்ளுகிறதா இல்லையா என்று அறிய இதுதான் அளவுகோல்: அரசாங்கம் கடன் எடுக்கும்போது வட்டி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் அங்கே வேலையில்லாத காசும் வேலையில்லாத கையும் இருக்கின்றன.

பிறகு 1937 வந்தது. சோதனையின் மறுபாதி.

பொருளாதாரம் எழுந்துவிட்டது என்று வொஷிங்டன் நம்பியது. திறைசேரிச் செயலாளர் மோர்கன்தோவுக்கு வரவு செலவுத் திட்டத்தைச் சமப்படுத்துவதே இலட்சியம். போனஸ் ஒரு முறை மட்டும் கொடுக்கப்பட்டது, அது நின்றது. 1937 ஜனவரி முதல் புதிய சமூகப் பாதுகாப்பு வரி ஆரம்பமானது. நமது ஊழியர் சேமலாப நிதி போலத் தொழிலாளியிடம் 1 சதவீதம், முதலாளியிடம் 1 சதவீதம். பிடிப்பது உடனே, மாதாந்தக் கொடுப்பனவு பல வருடங்களுக்குப் பிறகு. 1936 நிதியாண்டில் 4.3 பில்லியன் டொலராக இருந்த பற்றாக்குறை அடுத்த வருடம் 2.2 பில்லியனாகி, 1938இல் அநேகமாக இல்லாமலே போனது. கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் அழகான சாதனை.

மத்திய வங்கியும் தன் பங்குக்கு இறுக்கியது. தூங்கும் காசு திடீரென எழுந்தால் விலை ஏறிவிடும் என்று பயந்து, 1936 ஓகஸ்டிலிருந்து 1937 மே வரை மூன்று கட்டமாக நியதி ஒதுக்கை இரட்டிப்பாக்கியது. கயிற்றால் தள்ள முடியாது என்று ஒப்புக்கொண்ட அதே எக்கிள்ஸின் காலத்தில்தான் இதுவும் நடந்தது.

1937 மே மாதத்தில் பொருளாதாரம் மீண்டும் விழத் தொடங்கியது. ஒரு வருடத்துக்குள் தொழிற்சாலை உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 14 சதவீதமாக இறங்கியிருந்த வேலையின்மை 1938இல் 19 சதவீதத்துக்கு ஏறியது. மத்திய வங்கி வழமையான மருந்தை எடுத்தது. 1937 ஓகஸ்டில் நியூயோர்க் ரிசேர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியை 1.5இலிருந்து 1 சதவீதமாகக் குறைத்தது. அக்காலத்தில் அது மிகக் குறைந்த வீதம். ஆனால் தன்னிடமே தேவைக்கு மேல் காசு கிடக்கும் வங்கி எதற்காக மத்திய வங்கியிடம் கடன் கேட்டு வரும்? மருந்து கொடுக்கப்பட்டது, நோயாளி அசையவில்லை. வீழ்ச்சி இன்னும் பல மாதங்கள் தொடர்ந்தது.

1938 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் மனம் மாறி, 3 பில்லியன் டொலருக்கு மேல் செலவுக்கும் கடனுக்கும் காங்கிரஸிடம் அனுமதி கேட்டார். வீதி, பாலம், பாடசாலைக் கட்டடம் என்று அரச வேலைகளில் அந்த வருட முடிவில் 30 இலட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். ஜூன் மாதத்தில் வீழ்ச்சி நின்று பொருளாதாரம் திரும்பியது.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான தடை போட வேண்டும். அதே ஏப்ரலில் மத்திய வங்கி நியதி ஒதுக்கைக் குறைத்தது. ஐரோப்பாவிலிருந்து வந்து பூட்டி வைக்கப்பட்டிருந்த தங்கத்தையும் திறைசேரி பணப் புழக்கத்துக்கு விட்டது. இரண்டு கையும் ஒன்றாக இறுக்கின, இரண்டு கையும் ஒன்றாகத் தளர்த்தின. எந்தக் கையின் வேலை எவ்வளவு என்று இன்றும் வாதம் நடக்கிறது. கிறிஸ்டினா ரோமர் போன்றவர்கள், 1933க்குப் பிந்திய மீட்சியில் முதல் பங்கு தங்கம் கொண்டுவந்த பணப் பெருக்கத்துக்கே என்கிறார்கள். வட்டி பூச்சியத்தில் நின்றாலும், இனி விலை விழாது என்ற நம்பிக்கையைப் பணப் பெருக்கம் கொடுத்தது என்பது அவர்கள் வாதம். அதை நாம் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்தக் காலத்தின் அரச செலவு சிறிதாகத் தெரிவதற்குக் காரணம், செலவு உண்மையிலேயே சிறிதாக இருந்ததுதான். 1956இல் ஈ. கேரி பிரவுன் என்பவர் வருடம் வருடமாக இதைக் கணக்கிட்டார். மத்திய அரசாங்கம் செலவைக் கூட்டியபோது மாநிலங்களும் நகர சபைகளும் வரியைக் கூட்டிச் செலவைச் சுருக்கின. ஒன்றை ஒன்று தின்றுவிட்டது. அரசின் மொத்தக் கை 1929ஐ விடத் தெளிவாகத் தாராளமாக இருந்த வருடங்கள் இரண்டே இரண்டு: 1931உம் 1936உம். கவனித்தீர்களா? இரண்டும் சிப்பாய்களுக்குக் காசு போன வருடங்கள். இரண்டு தடவையும் அப்போதைய ஜனாதிபதி எதிர்க்க எதிர்க்கப் போன காசு. மருந்து வேலை செய்யவில்லை என்பதைவிட, மருந்தை விரும்பிக் கொடுக்கவே இல்லை என்பதுதான் சரி என்று நமக்குப் படுகிறது.

நம்மில் பலர் இப்போது கேட்கப்போகும் கேள்வி தெரியும். இங்கேயும் சல்லி அச்சடித்துச் செலவு செய்துதானே 2022இல் விழுந்தோம்? விழுந்தது உண்மை. ஆனால் 2022இல் இலங்கை நின்ற இடம் 1936இன் நேர் எதிர்ப்பக்கம். அமெரிக்காவுக்குத் தங்கம் தேடி வந்துகொண்டிருந்தது, நமக்கு எண்ணெய்க் கப்பலுக்கு டொலர் இல்லை. அங்கே விலை விழுந்திருந்தது, இங்கே 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். அங்கே உண்டியல் வட்டி சதக் கணக்கு, இங்கே மத்திய வங்கி தன் கடன் வீதத்தை 15.5 சதவீதம் வரை ஏற்ற வேண்டி வந்தது. அங்கே கடையில் சாமான் இருந்தது, வாங்கக் காசு இல்லை. இங்கே காசோடு வரிசையில் நின்றோம், சாமான் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் அரசாங்கம் மேலும் செலவைக் கொட்டினால் வரிசை நீளுமே தவிரக் கப்பல் வராது. பூச்சியத்தில் நிற்கும் நாட்டுக்குச் சொன்ன மருந்தை இங்கே கொண்டுவந்து நியாயம் பேசும் அரசியல்வாதியிடம் முதலில் வட்டி வீதத்தைக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவுக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். 1924இன் சட்டப்படி சிப்பாய்களின் காசு கிடைத்திருக்க வேண்டிய வருடம் 1945. அந்த வருடம் யுத்தப் பொருளாதாரம் ஓடிக்கொண்டிருந்தது, வேலையின்மை 2 சதவீதத்தையும் எட்டவில்லை. 1942 முதல் தொழிற்சாலைகள் மக்களுக்குக் கார் செய்வதை நிறுத்தி யுத்தத் தளபாடம் செய்தன. டயரும் சீனியும் பங்கீட்டில். அதே 32 இலட்சம் பதிவுத் தபாலும் 1936க்குப் பதிலாக 1945 ஜூனில் போயிருந்தால், காரை விற்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வேலைக்கு எடுக்க ஆளும் மிச்சமிருந்திருக்காது. 1936இல் பிணைமுறியை மாற்றாமல் வைத்திருந்த சிலருக்கு அந்த ஜூனில்தான் முதிர்வுக் காசு கையில் கிடைத்தது.